பாட் ஓட்டுறவங்க வாங்க: எதிர்முனையில என்ன போன்னு கண்டுபிடிச்ச அனுபவம் உண்டா?

பால்கணக்கு
எங்க ஊர் பால் சங்கத்துல ஒரு டெலிகிராம் பாட் ஓடுது. "பில்"னு அடிச்சா தேதி, லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., தொகைன்னு அஞ்சு பத்தியில கணக்கு போகும். எனக்கு முன்னாடி பார்த்தவர் `<pre>` போட்டு எழுதி வச்சது. சங்கத்து கம்ப்யூட்டர்ல பத்தியெல்லாம் நேரா நிக்கும். போன வாரம் ஒரு பெரியவர் கூப்பிட்டு, "தம்பி, லிட்டருக்கு நேரா ரூபாயக் காணோம், கீழ் வரியில தனியா கிடக்கு"ன்னார். அவர் மருமக போன்ல அதே பில் ஒழுங்கா இருக்காம். சரி, அவங்கவங்க திரைக்குத் தக்கபடி அனுப்பிடலாம்னு வர்ற செய்தியப் பிரிச்சுப் பார்த்தேன்:

```
"from": {"id": 1002003004, "is_bot": false,
         "first_name": "...", "language_code": "en"},
"date": 1718000000,
"text": "பில்"
```

திரை அகலமும் இல்ல, ஆப் எந்த வெர்ஷன்னும் இல்ல, நெட் எப்படின்னும் இல்ல. தமிழ்ல அடிக்கிற மனுஷனுக்கு `en`னு வருது பாருங்க, அது ஒண்ணுதான் கூடுதல் தகவல்! யாராவது இதை வேற வழியில பிடிச்சிருக்கீங்களா?

சர்வர்ராசா
நான் பிடிச்சிருக்கேன். வெப்ஹூக் லாக்ல ஐபி வரும், அதை வச்சு எந்த நெட்வொர்க்னு பார்க்கலாம். இன்னொரு வழி, `date`-ல இருக்குற நேரத்துக்கும் நம்ம சர்வர் நேரத்துக்கும் இடைவெளி அதிகம்னா அவர் நெட் மந்தம்னு அர்த்தம். என் பாட்ல அப்படி வந்தா படம் அனுப்பாம எழுத்து மட்டும் அனுப்புறேன்.

மூணாம்பிட்
ராசா, அந்த ஐபியை ஒருதடவை தேடிப் பாருங்க. 149.154-னோ 91.108-னோ ஆரம்பிக்கும். அது டெலிகிராம் சர்வரோடது. பயனரோட போன் உங்க சர்வரைத் தொடுறதே இல்லை. எழுத்து அவர்கிட்ட இருந்து டெலிகிராமுக்குப் போய், அங்கிருந்துதான் உங்ககிட்ட வருது.

`date` விஷயமும் அதே கதைதான். செய்தி டெலிகிராம் சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம் அது. மலையடிவாரத்துல ஒருத்தர் அனுப்பு பட்டனை அழுத்தி, கடிகாரக் குறி பத்து நிமிஷம் சுத்திட்டுப் போயிருந்தாலும் அந்தப் பத்து நிமிஷம் உங்க கண்ணுக்கு வராது. இடைவெளி அதிகமா தெரிஞ்சா, பெரும்பாலும் உங்க சர்வர்தான் தூங்கியிருக்கு. நீங்க எடுக்காத செய்தியை அவங்க 24 மணி நேரம் வரைக்கும் வச்சிருந்து தருவாங்க.

திரும்பிப் போற பாதையும் குருடுதான். `sendMessage`-க்கு `"ok": true` வந்தா டெலிகிராம் வாங்கிக்கிச்சுன்னுதான் பொருள். போய்ச் சேர்ந்துச்சா, படிச்சாரா, எப்படித் தெரிஞ்சுதுன்னு பாட்டுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க.

சர்வர்ராசா
ஐபி விஷயம் சரிதான், இப்பதான் பார்த்தேன். ஆனா இடைவெளியைப் பார்த்து எழுத்து மட்டும் அனுப்ப ஆரம்பிச்சதுக்கப்புறம் புகார் குறைஞ்சது நிஜம்.

மூணாம்பிட்
எல்லாருக்குமே எழுத்தா அனுப்பிப் பாருங்க, இன்னும் குறையும்.

பள்ளிக்கூட_எஸ்எம்எஸ்
எங்களுக்கும் இந்தப் பிரச்சினை இருக்கு. தமிழ்ல எஸ்.எம்.எஸ். போட்டா 70 குறியீட்டுக்கே ஒரு செய்தி முடிஞ்சிடுது, "நி" ஒரு எழுத்துன்னாலும் ரெண்டா எண்ணுறான். டெலிவரி ரிப்போர்ட் வருது, ஆனா சில பட்டன் போன்ல வெறும் கட்டம் கட்டமா தெரியுதுன்னு பெற்றோர் சொல்றாங்க. இதுக்கு எந்த கம்பெனிகிட்ட வாங்கினா நல்லது?

மூணாம்பிட்
கேள்வி வேறன்னாலும் உதாரணம் நல்ல உதாரணம். சேர்ந்ததுன்னு ரசீது வருது, கட்டமா தெரிஞ்சதுன்னு வராது. கம்பெனி மாத்தினாலும் அதேதான்.

வலைக்காரி
ஒரு வழி இருக்கு. 2022-ல வந்த மினி ஆப். பட்டனைத் தட்டினா ஒரு வலைப்பக்கம் அவர் போன்லயே திறக்கும். அங்க `Telegram.WebApp.platform`, `version`, `viewportHeight` எல்லாம் கிடைக்கும், அகலத்துக்கு `window.innerWidth` போதும். நான் ஒரு கடைக்குச் செஞ்சு கொடுத்தேன்.

ஆனா அகலத்தை டேட்டாபேஸ்ல சேமிச்சு வைக்காதீங்க. ஒரே ஆள் காலையில போன்ல திறப்பார், மதியம் கம்ப்யூட்டர்ல திறப்பார். நீங்க அனுப்புற செய்தி ரெண்டுலயும் இருக்கும். வயசானவங்க ஆப்புக்குள்ள எழுத்தைப் பெருசாக்கி வச்சிருப்பாங்க. பெரிய போனா இருந்தாலும் வரிக்குப் பாதி எழுத்துதான் பிடிக்கும். பெரியவர் விஷயத்துலயும் அதுவா இருக்கலாம், கேட்டுப் பாருங்க.

பால்கணக்கு
கேட்டேன். மருமக போனை விட அவர் போன் ஒரு விரக்கடை பெருசாம்! எழுத்தளவுதான் காரணம். அட்டவணையைத் தூக்கிட்டேன், இப்ப இப்படிப் போகுது:

```
10-ந் தேதி காலை
6.4 லிட்டர்
கொழுப்பு 4.1, எஸ்.என்.எஃப். 8.3
```

தொகை அதுக்குக் கீழ தனி வரி. மடங்கினாலும் எது எதோடதுன்னு குழப்பம் வரல. கீழே இருந்த ரெண்டு பட்டனையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வச்சுட்டேன், பக்கத்துல பக்கத்துல இருந்தப்ப "முந்தைய ப…"ன்னு வெட்டுப்பட்டுச்சாம்.

பத்து நாள் பில்லைப் படமா கேக்குறாங்க சிலர். நெட் தெரியாம எல்லாருக்கும் படம் தள்ளுறதா, இல்ல "படம் வேணுமா"ன்னு பட்டன் வைக்கிறதா?

சர்வர்ராசா
பட்டன் வைங்க.

வலைக்காரி
பட்டன் வச்சா பாதிப் பேர் தட்டவே மாட்டாங்க, எங்க கடையில பார்த்தாச்சு. சின்னப் படமா நேராவே அனுப்புங்க.