ஏப்ரல் 1 முதல் புது விலை, கையில் மார்ச் ஆர்டர்: உங்களுக்கு என்ன நடந்தது?

குன்னூர் டீ சேல்ஸ்

டேலியில் விலைப்பட்டியலுக்கு வரப்போகிற தேதியை முன்கூட்டியே போட்டு வைப்பவர்களுக்கு இது உடனே புரியும். எங்கள் ஆபீஸில் மார்ச் கடைசியிலேயே `Applicable From` இடத்தில் ஏப்ரல் 1 என்று கொடுத்துப் புது விலையை ஏற்றிவிட்டார்கள். கிலோ 260 இருந்த டஸ்ட் இனி 285. 31ஆம் தேதி வரை போட்ட பில் எல்லாம் 260இல்தான் வந்தது. அதனால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஊட்டியில் ஒரு ரிசார்ட். மார்ச் 12ஆம் தேதி ஆர்டர், 260 விலையில் 200 கிலோ. 120 கிலோ மார்ச்சிலேயே போய்விட்டது. மீதி 80 கிலோவை ஏப்ரல் 6ஆம் தேதி நான்தான் கொண்டுபோய் இறக்கினேன். ஸ்டோர்காரர் மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையில் எங்கள் பில், இன்னொரு கையில் அவர்களுடைய பி.ஓ. இரண்டிலும் விலை இருக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த இரண்டு கட்டைவிரல்களும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன.

கிலோவுக்கு 25 ரூபாய், 80 கிலோவுக்கு 2,000, ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து 2,100. கிரெடிட் நோட் போட்டு முடித்தாகிவிட்டது. ஆனால் தேதி சரியாகப் போட்டும் இது எப்படி நடந்தது?

ஊட்டி சாக்லேட் கடை

எங்களுக்கும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி சாக்லேட்டுக்கு ஜிஎஸ்டி 18இலிருந்து 5 ஆனபோது, அதற்கு முன்னால் எடுத்த கல்யாண ஆர்டருக்கு எந்த ரேட் போடுவது என்று மண்டை காய்ந்துவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் செய்தித்தாளையே கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நீங்களும் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

கோத்தகிரி கணக்கர்

சாக்லேட் கடைக்காரரே, அது வேறு. வரி விகிதம் நம் கையில் இல்லை. சரக்கு போன நாள், பில் நாள், பணம் வந்த நாள் ஆகியவற்றை வைத்து ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆவது பிரிவு அதைச் சொல்லிவிடும். இங்கே கேட்பது விற்கிற விலையை. அது இரண்டு பேர் பேசி ஒத்துக்கொண்டது.

டீ சேல்ஸ் தம்பிக்கு: பில் போட்டவர் ஆர்டர் எண்ணைத் தேர்ந்தெடுத்தாரா என்று பாருங்கள். தேர்ந்தெடுத்திருந்தால் ஆர்டரில் இருந்த 260 அப்படியே பில்லுக்கு வந்திருக்கும். ஆர்டரைத் தொடாமல் பார்ட்டி பெயரையும் சரக்கையும் மட்டும் அடித்தால், அந்த பில்லுக்குத் தெரிந்தது அதன் தேதி மட்டும்தான். ஏப்ரல் 6 என்றதும் ஏப்ரல் பட்டியலைப் படித்து 285 என்று போட்டுவிட்டது. மார்ச்சில் போன 120 கிலோவும் ஒருவேளை இப்படித்தான் பில் ஆகியிருக்கும். அப்போது பட்டியலும் 260, ஆர்டரும் 260 என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது.

உறுதி செய்வது சுலபம். நிலுவை ஆர்டர் அறிக்கையைத் திறங்கள். சரக்கு முழுதும் போன பிறகும் அந்த ரிசார்ட் பெயரில் 80 கிலோ பாக்கி நின்றால், பில் ஆர்டரோடு சேரவில்லை என்று அர்த்தம். 200 கிலோவும் நின்றால், மார்ச்சிலும் அதே கதை.

கேட்காமலே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விலை மாறுவதற்கு ஒரு வாரம் முன்னால் நான் இரண்டு பட்டியல் எடுப்பேன். ஒன்று, சரக்கு பாக்கி உள்ள ஆர்டர்கள். இன்னொன்று, கெடு ஏப்ரல் 1ஐத் தாண்டிப் போகிற கொட்டேஷன்கள். மார்ச் 25ஆம் தேதி கொடுத்த கொட்டேஷனுக்குப் பதினைந்து நாள் கெடு என்றால் ஏப்ரல் 9 வரை பழைய விலைதான். அவர் 8ஆம் தேதி சரி என்று சொன்னால், ஆர்டரை அந்தக் கொட்டேஷனிலிருந்துதான் உருவாக்க வேண்டும், புதிதாக அடிக்கக் கூடாது. டேலிக்குப் பதில் ஒடூ சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய கொட்டேஷனைத் திறந்து `Update Prices` அழுத்தினால் எல்லா வரியும் திரும்பக் கணக்காகிவிடும். அளவை 80இலிருந்து 90 ஆக்கினால்கூட அந்த வரி விலைப்பட்டியலைத் திரும்பப் படிக்கும். கூடுதல் 10 கிலோவுக்குத் தனி ஆர்டர் போட்டுவிடுங்கள், பழையதைத் தொடாதீர்கள்.

ஏப்ரல் முதல் வாரம் முழுக்க தினமும் சாயங்காலம் அன்றைய பில் விலையை ஆர்டர் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரை அணைப்பேன்.

மேட்டுப்பாளையம் ரோடு ஹார்டுவேர்

இவ்வளவு பயம் எதற்கு? கொட்டேஷன் என்பது வெறும் பேச்சு. அவர் ஆர்டர் கொடுக்காதவரை எப்போது வேண்டுமானாலும் விலையை மாற்றலாம், 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கம்பி விலை ஏறியபோது நிலுவையில் இருந்த கொட்டேஷன் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்திவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை.

கோத்தகிரி கணக்கர்

பாதி சரி அண்ணே. ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் திரும்பப் பெறலாம்தான். ஆனால் திரும்பப் பெற்றது அவருக்குத் தெரிய வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் நீங்கள் திருத்தியது அவர் கையில் இருக்கிற தாளுக்கு எப்படித் தெரியும்? அவர் அதை வைத்து ஆர்டர் அனுப்பிவிட்டால் என்ன செய்வீர்கள்? பழைய கொட்டேஷனை அப்படியே விட்டு, புது எண்ணில் புது விலை அனுப்பி, முந்தையது செல்லாது என்று எழுதுங்கள். ஆர்டர் வந்துவிட்டால் அதுவும் முடியாது.

மேட்டுப்பாளையம் ரோடு ஹார்டுவேர்

என் கொட்டேஷனில் "சரக்கு அனுப்பும் நாள் விலையே செல்லும்" என்று அடியில் அச்சடித்திருக்கிறேன்.

கோத்தகிரி கணக்கர்

அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்படிப்பட்ட ஆர்டருக்கு விலையைப் பூட்டுவதுதான் தப்பு.

ஊட்டி வர்க்கி பேக்கரி

எங்களுக்கு வந்தது வேறு மாதிரி. வண்டி விடியற்காலை நாலரைக்குக் கிளம்பும். புது விலை ஏறிய அன்று முதல் வண்டி பில் எல்லாம் பழைய விலை, ஏழு மணி வண்டிக்குப் புது விலை. ஒரே டீக்கடைக்காரருக்கு ஒரே நாளில் இரண்டு விலையில் இரண்டு பில்! சாஃப்ட்வேர் பையன் பார்த்துவிட்டுச் சொன்னான்: சர்வர் யூடிசி நேரத்தில் ஓடுகிறதாம், அதற்கு ஏப்ரல் 1 பிறப்பது நமக்குக் காலை ஐந்தரை மணிக்குத்தானாம். நீங்கள் சொன்ன ஆர்டர் எண் விஷயம் இங்கே உதவாது, எங்களுக்கு ஆர்டரே போனில்தான்.

இப்போது தொடக்கத்தை மார்ச் 31 மாலை 6.30 என்று கொடுத்து வைக்கிறோம், அதாவது நமக்கு நள்ளிரவு. பழைய விலையின் முடிவும் அதே நேரம்தான். ஒரு தடவை அதை மறந்து இடையில் ஒரு மணி நேரம் எந்த விலையும் இல்லாமல் போய், வர்க்கி பூஜ்யம் ரூபாய் என்று அச்சானது.

கொடைக்கானல் ஓட்டல் பர்ச்சேஸ்

நான் அந்தக் கட்டைவிரல் பக்கத்து ஆள். விலை ஏறினால் புதுசு, இறங்கினால் "உங்கள் ஆர்டர் பழைய விலையில் இருக்கிறதே சார்" என்கிறார்கள். நேற்றுகூட ஒருவர் அப்படித்தான் சொன்னார். மேலே பேசியவர்கள் யாரும் இறங்குவதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

குன்னூர் டீ சேல்ஸ்

அறிக்கையைப் பார்த்தேன். 200 கிலோவும் பாக்கி நிற்கிறது.

கோத்தகிரி கணக்கர்

அப்படியானால் அந்த பார்ட்டி மட்டும் இருக்காது. ஜனவரியிலிருந்து வந்த ஆர்டர் எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். கிரெடிட் நோட் போடும்போது அந்த ஏப்ரல் 6 பில் எண்ணைக் குறிப்பிட்டார்களா?

கொடைக்கானல் சார், இறங்கும்போதும் பூட்டு பூட்டுதான். பாக்கி அளவை ரத்து செய்து புது ஆர்டர் போட அவர் ஒத்துக்கொண்டால் உண்டு.

கொடைக்கானல் ஓட்டல் பர்ச்சேஸ்

அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்?