புதுப்பிப்பு: பன்னீர் திராட்சை ஒயினில் பாதியில் நின்ற நொதிப்பு

"ஜாடியிலிருந்து வாயு வெளியேறும் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது. ஒயின் முடிந்துவிட்டதா, கெட்டுவிட்டதா?" என்று வேலூரிலிருந்து கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

இரண்டும் இல்லை. காட்பாடி ஐயா சொன்னபடி, சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை இட்டபோது, தொடக்கத்தில் 1.085 இருந்த அளவு 1.030-இல் நின்றிருந்தது; சர்க்கரை மீதமிருக்க, வெயில் காலச் சூட்டில் ஈஸ்ட் சோர்ந்திருந்தது. ஜாடியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஈரத்துணி சுற்றி, 25 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தேன்.

மேலும் ஈஸ்ட் தூவச் சொன்ன ஆம்பூர் அண்ணனின் யோசனை பாதி சரி. ஆல்கஹால் ஏறிய சாற்றில் உலர்ந்த ஈஸ்ட்டை நேரடியாகத் தூவினால் பெரும்பாலும் பிழைக்காது என்பதால், அதை வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் எழுப்பி, ஜாடிச் சாற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பழக்கி, நுரை பொங்கிய பின்பே ஊற்றினேன். குடியாத்தம் அக்கா எழுதியது, நசுக்கிய பழத்தோல் மேலே மிதந்து காய்ந்து புளித்த அவருடைய அனுபவம். நான் தோலை முன்பே பிழிந்து நீக்கியிருந்ததால் அது எனக்குப் பொருந்தவில்லை.

எதிர்பாராதது ஒன்று: ஹைட்ரோமீட்டர் அளவு இறங்கியும் குமிழி வரவில்லை. மூடியின் ஓரத்தில் சோப்பு நீர் தடவியதும் அங்கே நுரை கிளம்பியது. வாயு ஏர்லாக்கைத் தொடாமல் வாஷர் வழியே கசிந்திருக்கிறது. ஆகவே குமிழியை நம்பாமல் அளவையே நம்புங்கள்.

சில நாள் இடைவெளியில் இருமுறை மாறாமல் 0.996 காட்டி, நொதிப்பு முடிந்தது உறுதியானதும், அடி வண்டலைக் கலக்காமல் குழாயால் சிறிய ஜாடிக்கு மாற்றி, கழுத்துவரை நிரப்பினேன். இலேசான அழுகிய முட்டை வாடை மட்டும் இன்னும் போகவில்லை; மீண்டும் ஒருமுறை மாற்றினால் தீருமா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.