கோட்டை நிலையத்தில் தொலைந்த பையை எங்கே கேட்பது? இடப்பக்கம் என்கிறார்கள், வலப்பக்கம் என்கிறார்கள்

கல்லடி மகள் (காலை 8.40)

அம்மாவும் சித்தியும் நேற்றிரவு மட்டக்களப்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போனார்கள். விடியற்காலையில் கோட்டையில் இறங்கும்போது மேல் தட்டில் வைத்த பையை விட்டுவிட்டார்கள். வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்து தேநீர் குடிக்கும்போதுதான் நினைவு வந்திருக்கிறது. நீலக் கோடு போட்ட துணிப்பை, ஒரு கைப்பிடி மஞ்சள் நூலால் தைத்தது. அம்மாவின் கிளினிக் கொப்பியும் பழைய எக்ஸ்ரே படங்களும் அதற்குள் இருக்கின்றன. நாளைக்கு வைத்தியசாலையில் காட்ட வேண்டியவை. கூடவே இறால் கருவாடு ஒரு பொட்டலம், தயிர்ச் சட்டி ஒன்று.

மாமாவின் மகன் காலை ஏழு மணிக்கே கோட்டைக்குப் போனான். பொதிகள் வைக்கும் இடத்தில் கேட்டிருக்கிறான். "ரசீது எங்கே?" என்று கேட்டார்களாம். ரசீது இல்லை என்றதும் பை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பார்சல் அலுவலகத்திலும் இதே கேள்விதான். தொலைந்த பொருள்களுக்கென்று தனியாக ஒரு கவுண்டர் இருக்கிறதா, எந்தப் பக்கம்? அவன் வெளியில்தான் நிற்கிறான். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஏறாவூர்ப் பயணி

தங்கச்சி, அது இடப்பக்க ஓரத்தில் இருக்கிறது. கடைசிவரை போகச் சொல்லுங்கள். நான் போன வருடம் என் பெட்டியை அங்கேதான் வைத்துவிட்டு புறக்கோட்டைக் கடைகளுக்குப் போனேன்.

பாசிக்குடா காற்று

இடப்பக்கமா? வலப்பக்கம் அண்ணன். புகையிரதத்தை விட்டு வெளியே வந்து வலப்பக்கம் திரும்பி நடந்தேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கல்லடி மகள்

இதுதான் பிரச்சினை. அவன் இரண்டு பக்கமும் போய்ப் பார்த்துவிட்டானாம். கூகுள் வரைபடத்தில் பார்சல் என்று தேடினால் ஒல்கொட் மாவத்தையைத் தாண்டி ஏதோ ஒரு தனியார் பார்சல் கடையைக் காட்டுகிறது. கூரைக்குள் நின்றால் நீலப் புள்ளி தண்டவாளத்தின் நடுவே நிற்கிறது.

பழைய விளக்குக்காரன்

முப்பது வருடம் புகையிரத வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறார்கள். ஏறாவூர்த் தம்பி வீதியில் நின்று நிலையத்தைப் பார்த்து இடப்பக்கம் என்கிறார். மற்றவர் உள்ளேயிருந்து வெளியே வந்து சொல்கிறார், அவருக்கு அது வலப்பக்கம்தானே. இனி யாருக்கு வழி சொன்னாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: ஒல்கொட் சிலை நிற்கும் வீதிப் பக்கம் நின்று, நிலையத்தை நோக்கி முகத்தை வைத்தால் இடப்பக்கக் கடைசி.

ஆனால் மகள், அந்த இடம் உங்களுக்குத் தேவையே இல்லை. அது காசு கொடுத்துப் பொதியை வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கானது. பார்சல் அலுவலகம் முன்கூட்டிப் பதிந்து அனுப்பிய சாமானுக்கு. இரண்டும் ரசீதைப் பார்த்துத்தான் பேசும். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. உங்கள் பை பதியப்படாத பொருள், புகையிரதத்தில் மறந்தது. அதற்கு நிலைய அதிபரின் அலுவலகத்திலிருந்து தொடங்க வேண்டும். "தொலைந்த பொருள் கவுண்டர் எங்கே" என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு திசை காட்டுவார்கள். "நிலைய அதிபரின் அறை எங்கே" என்று கேட்டால் துப்புரவு செய்கிறவரும் சரியாகக் காட்டுவார்.

தம்பியிடம் பயண டிக்கெட் இருக்காது. உள்ளே போக மேடை டிக்கெட் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாயிலில் நிற்கிறவரிடம் வாதாட வேண்டாம்.

வாழைச்சேனை மாணவன்

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தால் உடனே தேடுவார்கள். கமராவும் இருக்கிறது. அதுதான் சரியான வழி.

பழைய விளக்குக்காரன்

திருட்டு என்றால் பொலிஸ். இது மறதி. முதலில் பை எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள் தம்பி. எல்லாரும் இறங்கிய இடத்திலேயே தேடுகிறார்கள். கோட்டையில் ஆட்கள் இறங்கியபின் வெறும் பெட்டிகள் மேடையை அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. காலை நேரத்தில் அலுவலகப் புகையிரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். அதனால் வந்த பெட்டித் தொடரை மருதானைப் பக்க யார்டுக்கு இழுத்துச் செல்வார்கள். கழுவுவதும் கூட்டுவதும் அங்கேதான். மேல் தட்டில் ஒரு பை கிடப்பதைக் காண்பவர் பெரும்பாலும் கூட்டுகிறவர்தான். அவர் கையில் கிடைத்தால் மருதானையில் ஒப்படைப்பார், கோட்டைக்குச் செய்தி வரும்வரை கோட்டையில் யாருக்கும் தெரியாது. ஆகவே கோட்டையில் "இல்லை" என்றால் "இன்னும் வரவில்லை" என்றுதான் பொருள்.

சித்தியிடம் நான்கு விடயம் கேட்டு எழுதிக்கொடுங்கள். எந்தப் புகையிரதம், எந்தப் பெட்டி, எந்த ஆசனம், எந்த மேடையில் எத்தனை மணிக்கு இறங்கினார்கள். அதோடு பையின் அடையாளம். மஞ்சள் நூல் நல்ல அடையாளம். உள்ளே இருப்பதை மட்டும் பொதுவில் முழுவதும் எழுத வேண்டாம், நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள். பரவாயில்லை, கிளினிக் கொப்பியில் இருக்கும் பெயரை மறைத்துவைத்துக்கொள்ளுங்கள். பையை உங்களுடையதுதான் என்று நிறுவுவது அந்தப் பெயர்தான்.

கல்லடி மகள்

ஐயா, டிக்கெட்டை வாயிலில் வாங்கிக்கொண்டார்களாம். பெட்டி எண் சித்திக்கு நினைவில்லை. "என்ஜினுக்குப் பக்கத்தில் இல்லை, நடுவில்" என்கிறார்.

பழைய விளக்குக்காரன்

ஆசனம் முன்பதிவு செய்ததா? அப்படியென்றால் கைத்தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியை அழித்திருக்க மாட்டார்கள். அதில் பெட்டியும் ஆசனமும் இருக்கும். "நடுவில்" என்ற சொல்லை நம்பிப் போகாதீர்கள்.

அக்கரைப்பற்று ரிபா

அஸ்ஸலாமு அலைக்கும். இதைப் பார்த்ததும் எனக்கும் ஒன்று கேட்கத் தோன்றியது. நானாவின் மோட்டார் சைக்கிளைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் புகையிரதமே இல்லை, மட்டக்களப்புக்குத்தான் கொண்டுவர வேண்டும். அங்கே பார்சல் கவுண்டர் டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்திலா, வேறு வாசலா?

ஏறாவூர்ப் பயணி

ரிபா தங்கச்சி, பை கிடைக்கட்டும், பிறகு சைக்கிள் பார்ப்போம்.

கல்லடி மகள் (காலை 9.35)

குறுஞ்செய்தி கிடைத்துவிட்டது! பெட்டியும் ஆசனமும் தெளிவாக இருக்கின்றன. நடுப்பெட்டி இல்லை, பின்னால் இரண்டாவது. தம்பி நிலைய அதிபரின் அலுவலகத்தில் சொன்னான். அவர்கள் எழுதிக்கொண்டார்கள், இன்னும் எதுவும் வரவில்லை என்றார்கள். மருதானைக்கு அனுப்புவதா, கோட்டையில் நிற்கச் சொல்வதா?

பழைய விளக்குக்காரன்

நிற்க வேண்டாம். முதலில் அந்த அலுவலகத்திலிருந்தே மருதானைக்குப் பேசச் சொல்லிக் கேட்கட்டும், நிலையங்களுக்குள் தனித் தொலைபேசித் தொடர்பு இருக்கிறது. மறுத்தால் நேரில் போகட்டும், அடுத்த நிலையம்தானே.

நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். மட்டக்களப்பு நிலையத்துக்குப் போய் அங்கே இருக்கும் அதிபரிடம் இதே தாளைக் கொடுங்கள். அவர் பேசினால் அந்தப் பக்கம் இருப்பவர் பயணியாகப் பார்க்க மாட்டார், சக ஊழியர் கேட்பதாகப் பார்ப்பார். இன்னொரு காரணமும் உண்டு. அதே பெட்டித் தொடர் சுத்தமானபின் மறுபடி பயணத்துக்கு வரும். பையை யாரும் கவனிக்காவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். ஆகவே இன்று மாலைக்குள் பார்த்தாக வேண்டும்.

தம்பிக்கு சிங்களம் குறைவு என்றால் இதைப் படித்துச் சொல்லட்டும்: "கோச்சியே பேக் எக அமதக வுணா." புகையிரதத்தில் பையை மறந்துவிட்டோம் என்று பொருள். இதற்கு மேல் பேசத் தேவையில்லை, தாளை நீட்டினால் போதும்.

பாசிக்குடா காற்று

ஐயா சொல்வதற்கு ஒரு சேர்க்கை. இடத்தை உறுதிப்படுத்த "அங்கேயா?" என்று கேட்காதீர்கள். ஆம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். "அந்த அறைக்கு இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். தெரிந்தவர் உடனே சொல்வார். தெரியாதவர் யோசிப்பார்.

வாழைச்சேனை மாணவன்

அவசரத்தில் இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா?

பாசிக்குடா காற்று

இரண்டு பக்கமும் நடந்து பார்த்ததில் போன நேரத்தை விடக் குறைவுதான்.

கல்லடி மகள் (நண்பகல் 12.20)

பை கிடைத்துவிட்டது. மருதானையில். கூட்டுகிற அக்கா கருவாட்டு வாசத்தில்தான் மேல் தட்டைப் பார்த்தாராம்! தம்பியின் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், கொப்பியில் இருந்த பெயரைக் கேட்டார்கள், அம்மாவோடு தொலைபேசியில் பேசச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார்கள், பதிவில் கையொப்பம் வாங்கினார்கள். எக்ஸ்ரே படங்கள் மடங்கவில்லை. கொப்பி பத்திரமாக இருக்கிறது.

தயிர்ச் சட்டி மட்டும் இல்லை. பதிவில் எழுதியிருப்பது துணிப்பை ஒன்று, உள்ளே தாள்கள், கருவாடு. சட்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சித்தி அதைப் பைக்குள் வைத்ததாகச் சத்தியம் செய்கிறார். அம்மா, ஆசனத்துக்குக் கீழே வைத்ததாகச் சொல்கிறார்.

பழைய விளக்குக்காரன்

மகிழ்ச்சி மகள். சட்டி கீழே இருந்திருந்தால் அது வேறு கணக்கு. கெட்டுப்போகும் உணவை நீண்ட நேரம் வைத்திருப்பதில்லை. அதைத் தேடி இன்னொரு முறை மருதானைக்குப் போக வேண்டாம்.

ஏறாவூர்ப் பயணி

கருவாட்டை வைத்திருந்தார்களே ஐயா, தயிரை மட்டும் ஏன் எறிய வேண்டும்?

பழைய விளக்குக்காரன்

கருவாடு காய்ந்தது தம்பி. அதோடு பையோடு சேர்ந்திருந்தது. இதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள், நான் யார்டில் இல்லை.

அக்கரைப்பற்று ரிபா

அல்ஹம்துலில்லாஹ், பை கிடைத்தது நல்லது. இப்போது மோட்டார் சைக்கிளைக் கேட்கலாமா?

பழைய விளக்குக்காரன்

கேளுங்கள் மகள். பார்சலை எந்த வாசலில் எடுக்கிறார்கள், எந்த நேரம் வரை பதிகிறார்கள் என்பதை வண்டியைக் கொண்டுபோவதற்கு முந்தின நாளே நேரில் போய்க் கேளுங்கள், தொலைபேசியில் கேட்டு நம்ப வேண்டாம். தாங்கியில் பெட்ரோல் இருக்கக்கூடாது. எடுக்கப்போகிறவரின் பெயரைப் பதிவில் சரியாக எழுதச் சொல்லுங்கள். நானாவின் பெயர் ரசீதில் பிழையாக விழுந்தால் கோட்டையில் நிற்பது அவர்தான்.

அக்கரைப்பற்று ரிபா

பெட்ரோலை எங்கே வடிப்பது ஐயா, நிலையத்திலேயா?

ஏறாவூர்ப் பயணி

வீட்டிலேயே வடித்துவிட்டு வந்தால் மட்டக்களப்புக்கு எப்படி ஓட்டிவருவது, அதையும் சொல்லுங்கள் ஐயா.

பழைய விளக்குக்காரன்

ஒரு போத்தலும் குழாயும் கொண்டுவாருங்கள். நிலையத்துக்கு வெளியே, வீதியோரத்தில் வடியுங்கள். மேடைக்குள் அல்ல.