சொந்த அனுபவம் சேர்க்கச் சொன்னால், இல்லாத அனுபவத்தை எழுதாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?

மெய்ப்புநோக்கி

உடல்நலக் கட்டுரைகளைத் தொகுக்கும் பணியில் இருக்கிறேன். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளரை வீட்டில் கவனித்துக்கொள்வது பற்றிய வரைவு ஒன்று அண்மையில் என்னிடம் வந்தது. எழுதியவர் நீண்ட அனுபவமுள்ள இயன்முறை மருத்துவர். உட்கார்ந்து எழுத நேரமில்லாததால் தம் குறிப்புகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றில் இட்டு வரைவாக்கியிருந்தார். அது வறட்சியாக இருப்பதாகத் தோன்றவே, மனிதர் எழுதியது போன்ற நடைக்கு அதையே மறுபடியும் மாற்றியிருந்தார். அந்த இரண்டாம் வரைவு, "என் அம்மா அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அந்த முதல் இரவை என்னால் மறக்கவே முடியாது" என்று தொடங்கியது. அவருடைய அம்மாவுக்கு அப்படி ஓர் அறுவை சிகிச்சை நடந்ததே இல்லை.

அந்தப் பத்தியை நீக்குவது எளிது. ஆனால் அதை நீக்கியதும் கட்டுரை பழைய வறட்சிக்கே திரும்பிவிட்டது. ஆகவே அவரைத் தொலைபேசியில் அழைத்து அரை மணி நேரம் பேசினேன். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்கவில்லை; அப்படிக் கேட்டால் பெரும்பாலோர் பொதுவாகத்தான் பேசுவார்கள். "நோயாளரின் வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் கண் முதலில் எங்கே போகும்?" என்று கேட்டேன். சற்றும் யோசிக்காமல், "தலையணை எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்" என்றார். கால் சற்று மடங்கியிருந்தால் வலி குறைவாகத் தெரிவதால் வீட்டார் அன்போடு முழங்காலுக்கு அடியில் தலையணையை வைத்துவிடுகிறார்கள் என்றும், அப்படியே விட்டால் மூட்டு முழுமையாக நீளாமல் போய்விடும் என்றும், அதை எடுத்துக் குதிகாலுக்கு அடியில் வைக்கச் சொல்வதுதான் பல வீடுகளில் தம் முதல் வேலை என்றும் விளக்கினார்.

வரைவில் இந்த இடத்தில், "காலைச் சரியான நிலையில் வைத்திருப்பது விரைவான மீட்சிக்கு மிகவும் இன்றியமையாதது" என்ற வாக்கியம் இருந்தது. அதை எடுத்துவிட்டு அவர் சொன்னதை ஏறத்தாழ அவருடைய சொற்களிலேயே வைத்தேன். கட்டுரைக்குள் ஒரு மனிதர் வந்துவிட்டார், அதற்கு எந்த அம்மாவும் தேவைப்படவில்லை.

இதே போன்ற நெருக்கடியைச் சந்தித்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

வளர்பிறை

இணையதளங்களுக்கு எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தவரை, கட்டுரையில் சொந்த அனுபவம் இருக்க வேண்டும் என்பது இப்போது கூகுளின் விதி. கருவியால் எழுதியது என்று தெரிந்தால் தேடலில் கீழே தள்ளிவிடுவார்கள். அதனால்தான் எங்களுக்கு வேலை கொடுப்பவர்கள் "நான் பயன்படுத்திப் பார்த்தேன்", "என் வீட்டில்" போன்ற தொடர்களைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இது எல்லோரும் பின்பற்றும் நடைமுறையாக இருக்கும்போது, ஓர் அம்மாவைச் சேர்ப்பதில் பெரிய தீங்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கட்டுரையில் உள்ள அறிவுரை சரியாகத்தானே இருக்கிறது?

பழைய அச்சுக்கூடம்

வளர்பிறை சொல்வதில் பாதி சரி. 2022 டிசம்பரில் கூகுள் தன் தரமதிப்பீட்டாளர்களுக்கான வழிகாட்டியில், நிபுணத்துவம், நம்பகத்தன்மை போன்றவற்றோடு நேரடி அனுபவம் என்ற அளவுகோலையும் சேர்த்தது உண்மை. ஆனால் அந்த மதிப்பீட்டாளர்கள் தரும் மதிப்பெண் எந்தப் பக்கத்தையும் நேரடியாக மேலேற்றுவதோ கீழிறக்குவதோ இல்லை. தேடல் முறை நன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கே அது பயன்படுகிறது. கருவியின் உதவியால் எழுதியது என்பது மட்டுமே குற்றமாகாது என்பதையும் 2023 பிப்ரவரியில் அதே நிறுவனம் தெளிவுபடுத்தியது. அந்த அளவுகோல், எழுதியவர் உண்மையில் அதைச் செய்து பார்த்தாரா என்று கேட்கிறது. பக்கத்தில் "நான்" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்பது அதன் கேள்வியே அன்று.

அறிவுரை சரியாக இருந்தால் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த அம்மா முதல் இரவில் அழுததாகவும் மூன்றாம் நாள் தாமே எழுந்து நடந்ததாகவும் எழுதியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். தம் வீட்டில் நோயாளரை வைத்துக்கொண்டு படிப்பவர், அந்த மூன்றாம் நாளைத் தம் வீட்டு நோயாளருக்கும் ஓர் அளவாக எடுத்துக்கொள்வார். நாலாம் நாளும் எழவில்லையென்றால் கலங்குவார், அல்லது வலுக்கட்டாயமாக எழுப்புவார். இட்டுக்கட்டிய நிகழ்ச்சியும் ஒரு தகவலாகவே வாசகருக்குப் போய்ச் சேர்கிறது. அதைச் சரிபார்க்க உலகில் எந்த நோயாளரும் இல்லை என்பதுதான் அதன் கேடு.

மெய்ப்புநோக்கி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நான் அதோடு இன்னொன்றும் கேட்பேன்: "எதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போயிருக்கிறீர்கள்?" வேலை தெரிந்தவரிடம் இதற்குப் பதில் இல்லாமல் இருக்காது. வேலை தெரியாதவர் இந்த இடத்தில் தடுமாறுவதைக் கொண்டே அவரிடம் எடுக்க எதுவும் இல்லை என்பதை அறியலாம்.

நிலாமுற்றம்

மனித நடைக்கு மாற்றித் தரும் கருவிகளைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் கருவிகளில் சிக்காமல் இருக்க எதைப் பயன்படுத்தலாம்? நான் கையாலேயே எழுதிய கட்டுரையைக்கூட இயந்திரம் எழுதியது என்று சொல்லி ஓரிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பழைய அச்சுக்கூடம்

நிலாமுற்றம், உங்களுக்கு நேர்ந்தது அநியாயம். கண்டறியும் கருவிகளின் தீர்ப்பை இறுதி முடிவாகக் கொள்ளக் கூடாது. ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று கூறி அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. உங்கள் முதல் வரைவு, திருத்தங்கள், கையெழுத்துக் குறிப்புகள் ஆகியவற்றைத் தேதியோடு வைத்திருந்து காட்டுவதே எனக்குத் தெரிந்த ஒரே நல்ல வழி.

ஆனால் நாம் இங்கே பேசுவது வேறு. நடையை மாற்றும் கருவிகள் சொற்களைத்தான் மாற்றுகின்றன. என்னிடம் வந்த ஒரு பிரதியில், "மருத்துவர் அனுமதித்த அளவுக்கு மட்டும் காலில் எடையைத் தாங்கலாம்" என்ற வாக்கியம், நட்பான நடைக்கு மாறியபோது "தைரியமாகக் காலை ஊன்றி நடங்கள், உங்களால் முடியும்" என்று ஆகியிருந்தது. படிக்க இதமாக இருக்கிறது, ஆனால் நிபந்தனை காணாமல் போய்விட்டது. அப்படி மாற்றிய பிரதி கைக்கு வந்தால், மூலத்தை அருகில் வைத்துக்கொண்டு "மட்டும்", "அனுமதித்தால்", "சிலருக்கு" போன்ற சொற்கள் அனைத்தும் உயிரோடு இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

தாழ்வாரம்

என் அனுபவம் வேறு வகையானது. பல்கலைக்கழக விண்ணப்பக் கடிதம் எழுதும் மாணவர்களுக்கு உதவுகிறேன். ஒரு மாணவரின் வரைவில், சிறு வயதிலேயே வானொலிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு விளையாடியதால் மின்னணுவியலில் ஆர்வம் பிறந்தது என்று எழுதியிருந்தது. "அந்த வானொலியில் முதலில் எதைக் கழற்றினீர்கள்? திரும்பப் பூட்டியபோது பாடியதா? வீட்டில் யார் திட்டினார்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, வானொலியே இல்லை என்றார். எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் இப்படி அடுத்தடுத்து மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்பேன். நடந்ததாக இருந்தால், நினைவில்லை என்ற பதில்கூட ஒரு தனிவிதமாக வரும்.

பிறகு பேசும்போது, இறுதியாண்டுத் திட்டப்பணியில் ஓர் உணரி தவறான வெப்பநிலையைக் காட்டிக்கொண்டே இருந்ததையும், குறை உணரியில் இல்லை, அதை வெப்பம் உமிழும் மின்வழங்கிக்குப் பக்கத்திலேயே பொருத்தியிருந்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்ததையும் சொன்னார். அதைச் சொல்லத் தகுதியில்லாத சிறு செய்தி என்று அவர் நினைத்திருந்தார். கடிதத்தில் இப்போது அதுதான் இருக்கிறது.

மெய்ப்புநோக்கி

அனைவருக்கும் நன்றி. இங்கே இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

கட்டுரையில் ஒரு பகுதியை நானே எழுத வேண்டியிருந்தது. எனக்கு அந்த அறுவை சிகிச்சை நடந்ததில்லை. யாரையும் அருகிலிருந்து கவனித்ததும் இல்லை. ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு, தாழ்வான, கைப்பிடியில்லாத நாற்காலியிலிருந்து எழ முயன்று பார்த்தேன். மற்றொரு கால் மட்டும் போதவில்லை, கைகள் தாமாகவே பிடிமானம் தேடின. கைப்பிடியுள்ள உயரமான நாற்காலியைப் பரிந்துரைப்பதன் காரணம் அப்போது உடலுக்கே புரிந்தது. அதை எழுதும்போது, நோயற்ற காலோடு செய்து பார்த்தேன் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதினேன். வலியைப் பற்றியும் இரவில் தூக்கம் கலைவதைப் பற்றியும் அந்த முயற்சி எனக்கு எதையும் சொல்லவில்லை. இயன்முறை மருத்துவருக்கும் அது வெளியிலிருந்து பார்த்த வலிதான். ஆகவே கட்டுரையில் அந்த இடம் மெலிந்துதான் இருக்கிறது. நடையை எவ்வளவு சீர்படுத்தினாலும் அது நிரம்பாது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் பேசினால்தான் நிரம்பும்.

இரண்டாவது, எனக்கு இன்னும் தீராத ஐயம். மருத்துவர் ஒரு நோயாளரைப் பற்றிச் சொன்னார். படிக்கட்டில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது அறுவை செய்த காலை முதலில் வைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாமல் இருக்க, அவர் ஒவ்வொரு படியிலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவாராம். அடையாளம் தெரியாமலிருக்க அவருடைய வயதையும் தொழிலையும் மாற்றிவிடலாம் என்றார் மருத்துவர். இன்னும் இருவரின் செய்திகளையும் அவர்மேலேயே ஏற்றிவிடலாம் என்றும் சொன்னார். முதலாவது காப்பு, இரண்டாவது புனைவு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போடுவது?

பழைய அச்சுக்கூடம்

வயதையும் தொழிலையும் மாற்ற வேண்டாம், சொல்லாமலே விட்டுவிடுங்கள். "ஒரு நோயாளர்" என்பதே போதும். சொல்லாமல் விடுவது பொய்யாகாது, மாற்றிச் சொல்வதுதான் பொய்க்கு அருகில் போகிறது. மூவரை ஒருவராக்க எந்தக் குறிப்பு போட்டாலும் நான் சம்மதிக்க மாட்டேன்.

தாழ்வாரம்

நான் உடன்படவில்லை. "சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன" என்ற ஒரு வரியோடு மாற்றுவதை வாசகர்கள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். வெறும் "ஒரு நோயாளர்" என்று எழுதினால் மீண்டும் அந்த வறட்சிதானே வரும்?

மெய்ப்புநோக்கி

இப்போதைக்கு "ஒரு நோயாளர்" என்றே வைத்து, படிக்கட்டில் அவர் சொல்லிக்கொண்டு போகும் சொற்களை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். அதை எழுதலாமா என்று அந்த நோயாளரிடமே கேட்டுச் சொல்வதாக மருத்துவர் கூறியிருக்கிறார். அவர் மறுத்தால் அந்தப் பத்தியை எடுத்துவிடுவேன்.