புதுப்பிப்பு: சோலார் வடிகலத்தில் தண்ணீர் சேராத பிரச்சினை

"எங்க போர் தண்ணி ஒரே உப்பு, வெயில்ல வச்ச வடிகலத்துல மேல பிளாஸ்டிக் முழுக்க முத்து முத்தா நிக்குது, பாட்டில்ல மட்டும் சேர மாட்டேங்குது, ஏன்?"

தட்டில் ஊற்றிய உப்புத் தண்ணீரை வெயிலில் ஆவியாக்கி, மேல்மூடியில் படியும் நல்ல நீரைப் பிடிக்கும் வடிகலம் பற்றி நான் கேட்ட இந்தக் கேள்விக்கு உதவிய எல்லாருக்கும் நன்றி. வேலை செய்தது காட்பாடி அண்ணன் சொன்னதுதான்: பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு ஜன்னல் கண்ணாடி போடு என்றார். பிளாஸ்டிக்கில் நீர் ஒட்டிப் பரவாது, முத்தாகத் திரண்டு கனத்ததும் தட்டிலேயே திரும்ப விழுந்துவிடும். சுத்தமாகக் கழுவிய கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பரவி சரிவில் இறங்கி ஓரத்துக் குழாய்க்கு வந்துவிடுகிறது. சரிவு சுமார் 15 பாகை, தெற்குப் பார்த்து வைத்தேன்.

தண்ணீரைக் குறைவாக ஊற்றச் சொன்ன தம்பி சொன்னதும் பாதி சரி. 2 செ.மீ. ஆழத்தில் காலையிலேயே சூடேறுகிறது, ஆனால் பிளாஸ்டிக் இருந்தவரை அதனால் பலனில்லை. இப்போது ஒரு சதுர மீட்டருக்கு நல்ல வெயிலில் மூன்று லிட்டர் அளவுக்கு வருகிறது, குடும்பத்துக்குக் குடிக்க அது போதாது.

எதிர்பாராதது, சிலிகான் பசை வாடை. முதலில் வந்த தண்ணீரைக் கொட்டிவிட்டேன், அப்புறம் வாடை போய்விட்டது. தட்டில் தங்கும் உப்பையும் அவ்வப்போது கழுவி விட வேண்டும்.

ஆர்.ஓ. கழிவுநீரை ஊற்றலாமா என்று கேட்ட அக்கா, உப்பு மட்டும்தான் என்றால் தாராளமாக ஊற்றலாம். ராணிப்பேட்டைக்காரர் கேட்ட, தோல் ஆலை ரசாயனம் கலந்த தண்ணீர் வேறு விஷயம். உப்பும் குரோமியமும் தட்டிலேயே தங்கிவிடும், எளிதில் ஆவியாகும் கரைப்பான்கள் நீராவியோடு மேலே வரும். அதிலிருந்து வடித்த தண்ணீரை ஆய்வகத்தில் சோதிக்காமல் குடிக்க வேண்டாம்.