உளுந்தங்களி நாடகத்துக்கு வசன உதவி வேண்டும்

எட்டாவது படிக்கும் என் மகள், பாரம்பரியப் பாடத்துக்காகப் பாட்டி சமையல் சொல்லித் தருவதுபோல் மூன்று நிமிட நாடகம் எழுத வேண்டும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். ஆச்சியின் உளுந்தங்களியை எடுத்துக்கொண்டோம்.

வறுத்துத் திரித்த மாவில் கறுப்பு உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. கருப்பட்டித் தண்ணீரை வடிகட்டி, ஆறிய பிறகு மாவைக் கரைத்துத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கும்போது கொட்டினால் கட்டி தட்டிவிடும். நாடகத்தில் பேத்தி செய்யும் தப்பு அதுதான்.

பேத்தி: ஆச்சி, உருண்டை உருண்டையா நிக்குதே!
ஆச்சி: ஆறட்டும்னு சொன்னேம்லா? சரி, மத்த எடு.

இதுவரை ஓடிவிட்டது. அப்புறம் நல்லெண்ணெய் விட்டு விட்டு இருபது நிமிடமாவது கிண்ட வேண்டுமே, அதை மேடையில் எப்படிக் கடத்துவது? நிஜ அடுப்பும் கிடையாது. "முதல்ல எண்ணெயக் குடிக்கும், அப்புறம் கக்கும்" என்பார் ஆச்சி. ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். பார்ப்பவர்களுக்கு இது புரியும்படி நாலு வரி வசனம் யாராவது சொல்லுங்களேன்.

இன்னொன்று. வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கொடுக்கும் களி இது. அதைச் சொல்லாமல் விட்டால் கதையே பாதிதான். ஆனால் மகள் கூச்சப்படுகிறாள். "இடுப்புக்குப் பலம்" என்று மட்டும் வைத்தால் போதுமா?