ஓசோன் வெட்டியும் ஒரே துண்டுதான் வந்தது: உங்கள் அனுபவம்?

தல்லாகுளம் டியூஷன்: போன வாரம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். C₇H₁₂, ஓசோன், பிறகு ஜிங்க்கும் தண்ணீரும். கிடைத்தது CH₃CO(CH₂)₄CHO மட்டும். "இரட்டைப் பிணைப்பை வெட்டினால் ரெண்டு துண்டு வரணுமே சார்!" என்று ஒரே சத்தம். போர்டில் அந்தச் சங்கிலியை வளைத்து வரைந்து, இரண்டு ஆக்சிஜனையும் அழித்து, அந்த இரு கார்பனையும் இரட்டைக் கோட்டால் சேர்த்தேன். ஆறு கார்பன் வளையம், வெளியே ஒரு மெத்தில். 1-மெத்தில்சைக்ளோஹெக்சீன். உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

திருமங்கலம் பையன்: அப்போ ஒரே துண்டு, அதில் ரெண்டு கார்போனைல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வளையம்னு எழுதலாமா சார்?

ஓய்வுபெற்ற வேதியியல்: எழுதலாம் தம்பி, வாய்பாடு கையில் இருந்தால். அது இல்லாமல்தான் ஹாரீஸ் சறுக்கினார். ஜெர்மன்காரர். இயற்கை ரப்பரை ஓசோனால் வெட்டியபோது அவருக்கு முக்கியமாகக் கிடைத்தது CH₃COCH₂CH₂CHO. இரண்டு துண்டுகளைத் தலைக்கு வால் சேர்த்தால் எட்டு கார்பன் வளையம், இரண்டு மெத்தில், C₁₀H₁₆ என்று அழகாக வருகிறது. 1905-இல் ரப்பரின் அடிப்படை அலகு அதுதான், அந்தச் சின்ன வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றார். ஆனால் அதே துண்டுகளை வளைக்காமல் வரிசையாகக் கோத்துக்கொண்டே போனாலும் வெட்டும்போது அதே பொருள்தானே வரும்? 1920 முதல் ஸ்டௌடிங்கர் வாதாடியது அந்த நீண்ட சங்கிலிக்காக. துண்டு எந்தக் கார்பனில் வெட்டு விழுந்தது என்று சொல்லும். எத்தனை துண்டு கோத்திருந்தது என்று சொல்லாது. அதற்கு மூலக்கூறு எடை வேண்டும். உன் சாரின் கணக்கிலேயே C₇H₁₂ என்று தராவிட்டால், C₁₄H₂₄ உள்ள பெரிய வளையமும் சரியான விடைதான்.

அவனியாபுரம் டயர் கடை: அண்ணே, படிப்பு நமக்குத் தூரம். வெல்டிங் மிஷின் பக்கத்தில் மாட்டி வைத்த ட்யூப், வண்டியில் ஏறாமலேயே வெடிப்பு விடுகிறது. இந்த ஓசோனா?

ஓய்வுபெற்ற வேதியியல்: இருக்கலாம். வெல்டிங் தீப்பொறியில் ஓசோன் உண்டாகும். ஆணியில் தொங்கி இழுபடும் இடத்தில், இழுப்புக்குக் குறுக்காக வெடிப்பு ஓடுகிறதா பாருங்கள். அப்படியென்றால் ஓசோன் மேல்தான் சந்தேகம். ட்யூப் பியூட்டைல் ரப்பராக இருந்தால் இரட்டைப் பிணைப்பு குறைவு, அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது.

அவனியாபுரம் டயர் கடை: குறுக்காகத்தான் இருக்கு. பியூட்டைலா என்று பார்சலில் போடவில்லை.

மேலூர் எம்.எஸ்சி: இன்னொன்று. கட்டாபெர்ச்சாவும் இதே துண்டைத்தான் தருகிறது. ரப்பர் சிஸ், அது டிரான்ஸ். ஓசோன் வெட்டியதும் இரட்டைப் பிணைப்பே போய்விடுகிறது, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்ற தடயமும் கூடவே போய்விடுகிறது.

திருமங்கலம் பையன்: அப்போ பரீட்சையில் 'பியூட்-2-ஈன், ஓசோன் போட்டால் அசிட்டால்டிஹைடு மட்டும்' என்று வந்தால், சிஸ்ஸா டிரான்ஸா என்று எதை எழுதுவது?

தல்லாகுளம் டியூஷன்: இரண்டையும் வரை. திருத்துகிறவர் ஒத்துக்கொள்வாரா என்பது எனக்கே சந்தேகம்.